பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீட்டை விடுதியாக மாற்ற முடியுமா?

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா கட்டிய மாடி வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறது. அதைச் சிறிய விடுதியாக்க விண்ணப்பித்தோம். தெருவை ஒட்டிக் கட்டியிருப்பதால் கட்டடத்தைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய செட்பேக் இடம் இல்லை, பார்க்கிங் இல்லை, மாடிக்கு ஒரே மரப்படிதான் என்று சொல்லி நிராகரித்துவிட்டார்கள். இடிக்கவும் கூடாது, மாற்றவும் கூடாது என்றால் என்ன செய்வது?

பதில்: மூன்று ஆட்சேபங்களுக்கும் ஒரே பதிலைத் தேடாதீர்கள். முதல் இரண்டுக்கும் விதித்தளர்வு கேட்கலாம். மூன்றாவதற்குக் கேட்கவே கூடாது. அங்கே, விதி எதிர்பார்க்கும் பாதுகாப்பை வேறு வழியில் தருகிறோம் என்று காட்ட வேண்டும்.

அதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து 100 மீட்டருக்குள் மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஏதும் இருந்தால், 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டப்படி அது தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே புதிய கட்டுமானம் கூடாது. பழுதுபார்ப்பதற்கும் தனி அனுமதி வேண்டும். அதற்கு அப்பால் உள்ள 200 மீட்டரிலும் அனுமதி தேவை. அப்படி எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

பழைய கட்டடம் செட்பேக் இல்லாமல் நிற்பது குற்றமில்லை. விதி வருவதற்கு முன்பே அது அங்கே இருக்கிறது. நீங்கள் பயன்பாட்டை மாற்றக் கேட்டதால்தான் இன்றைய விதிகள் குறுக்கே வந்தன. மத்திய அரசின் 2016 மாதிரிக் கட்டட விதிகளில் இதற்கு வழி இருக்கிறது: பாரம்பரியத்தைக் காக்கத் தேவையென்றால், பாரம்பரியக் குழுவைக் கலந்து, அரசின் ஒப்புதலோடு மற்ற விதிகளைத் தளர்த்தலாம். மாதிரி விதி என்பதால், உங்கள் மாநிலம் இதை எந்த வடிவில் ஏற்றிருக்கிறது என்று பார்த்து, அந்த விதியின் எண்ணைக் குறிப்பிட்டே விண்ணப்பியுங்கள். வழக்கமான கட்டட அனுமதிப் படிவத்தில் போனால் அதிகாரி அளவுகளைச் சரிபார்த்து நிராகரிக்கத்தான் செய்வார். முதலில் பாரம்பரியக் குழு, பிறகு திட்ட அனுமதி என்ற வரிசையில் போங்கள்.

பார்க்கிங்குக்காக முன் அறையை உடைத்து ஷெட் ஆக்கிவிடாதீர்கள். முன்சுவர் போனால் தளர்வு கேட்கும் காரணமும் அதோடு போய்விடும். அருகில் ஓர் இடத்தைப் பதிவு செய்த குத்தகையில் எடுத்து, அந்தப் பத்திரத்தை இணையுங்கள்.

இனி மரப்படி. மாடியின் பரப்பு 250 சதுர மீட்டர், படியின் அகலம் 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தேசியக் கட்டட நெறி, தங்குமிடங்களில் ஆளுக்கு 12.5 சதுர மீட்டர் என்று கணக்கிடுகிறது. ஆக 20 பேர். படியில் ஆளுக்கு 10 மில்லிமீட்டர் அகலம் என்றால் 20 சென்டிமீட்டர் போதும். ஹோட்டல் படிக்குக் குறைந்தது ஒன்றரை மீட்டர் வேண்டும் என்று அதே நெறி சொல்வதால்தான் காகிதத்தில் இடிக்கிறது. உண்மையான ஆபத்து அகலத்தில் இல்லை. படியடியில் தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்களுக்கு வேறு வழியே இல்லை. படி மரம் என்பதால் அதுவே எரியவும் செய்யும்.

எனவே பின்புறத்தில் ஒன்றரை மீட்டர் அகலத்தில் இரும்புப் படி ஒன்றைக் கேளுங்கள். அது சுவரில் பதியாமல் தன் தூண்களிலேயே நிற்க வேண்டும். நாளை கழற்றினாலும் வீட்டில் வடு இருக்காது என்பதால் குழுவும் எளிதில் ஒப்புக்கொள்ளும். மாடியின் பின்ஜன்னல் ஒன்றைக் கதவாக்க வேண்டியிருந்தால் அதற்கும் குழுவின் சம்மதம் வேண்டும். அந்தப் படி பின்புற செட்பேக்கில் வருகிறது என்று மறுபடி ஆட்சேபம் வரும். அதற்கான தளர்வையும் இதே விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள். படிக்கு அருகே சமையலறை ஜன்னல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கிருந்து தீ வந்தால் புதுப்படியும் பயன்படாது. அதைத் தீ தாங்கும் அடைப்பால் மூடுங்கள்.

பழைய வாசற்கதவு உள்பக்கமாகத் திறப்பதுதான் அடுத்த சிக்கல். வெளியேறும் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்பது நெறி. நிலையைத் திருப்பி வைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பகலில் கதவு திறந்தே இருக்கும், இரவில் பின்கதவே வெளியேறும் வழி, அது உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் என்று எழுதிக் கொடுங்கள். புகை உணர்கருவி, மரப்படியை அறைகளிலிருந்து பிரிக்கும் தீத்தடுப்புக் கதவு, விருந்தினர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு ஆகியவற்றையும் தீப்பாதுகாப்புப் பொறியாளரின் அறிக்கையாகவே தீயணைப்புத் துறைக்குக் கொடுங்கள்.

"பழைய கட்டடம்தானே, தீ விதியைத் தளர்த்துங்கள்" என்று கேட்க யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உயிர்ச்சேதம் நடந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவில் அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக வழக்கு வரலாம். கையில் உள்ள தளர்வு உத்தரவு அதிலிருந்து உங்களைக் காப்பாற்றிவிடும் என்று நம்ப முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒற்றை வரியில் நிராகரித்தால், எழுத்துபூர்வமாகக் காரணம் கேளுங்கள். மேல்முறையீடு இருந்தால் முதலில் அங்கே போங்கள். பிறகுதான் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. படி எத்தனை அடி என்று நீதிபதி தீர்மானிக்கமாட்டார். உங்கள் அறிக்கையைப் படிக்காமல், காரணம் சொல்லாமல் போட்ட உத்தரவு என்று காட்டினால், அதை ரத்துசெய்து மறுபரிசீலனைக்கு அனுப்ப வாய்ப்பு உண்டு. ஆகவே ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.