ரிங் லைட்டைக் கழற்றுங்கள், கண்ணாடியை வையுங்கள்

கேள்வி: ஐயா, அம்மாவின் அலமாரியில் இருந்து பழைய படங்கள் நூற்றைம்பதுக்கு மேல் எடுத்து வைத்திருக்கிறேன். பெரும்பாலும் 3ஆர், அதாவது மூன்றரைக்கு ஐந்து அங்குலம். அம்மா அப்பா கல்யாணத்துக்கு ஸ்டூடியோவில் எடுத்த, எட்டுக்குப் பத்து அங்குல 8ஆர் படம் ஒன்றும் இருக்கிறது. ரிங் லைட்டோடு வரும் ஸ்டாண்டு வாங்கி, போனை மாட்டி எடுத்துப் பார்த்தேன். அப்பா முகத்தில் வெள்ளை வட்டம் விழுகிறது. படம் மேலே குறுகிக் கீழே அகலமாகத் தெரிகிறது. ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் மங்கல். எதை மாற்ற வேண்டும்?
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: முதலில் அந்த ரிங் லைட்டைக் கழற்றி வையுங்கள். ஸ்டாண்டு மட்டும் போதும். ரிங் லைட் மனித முகத்தை எடுப்பதற்கென்று வந்த சாமான். முகம் பளபளக்காது, அதனால் வட்டம் தெரியாது. ஆனால் கண் பளபளக்கும். ரிங் லைட் போட்டு எடுத்தவர்களின் கருவிழியை உற்றுப் பாருங்கள், உங்கள் அப்பா முகத்தில் விழுந்த அதே வட்டம் சின்னதாக அங்கே இருக்கும். உங்கள் 3ஆர் படங்கள் பளபளப்பான தாளில் போட்டவையாக இருக்க வேண்டும். அந்தத் தாள் பாதி படம், பாதி கண்ணாடி.

பாதி கண்ணாடி என்பதால், அதைச் சரிபார்க்கவும் ஒரு கண்ணாடியே நல்ல கருவி. சில்லறைச் சாமான் கடையில் கிடைக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வாங்குங்கள். படத்தின் அளவுக்கு இருந்தால் நல்லது. சட்டம் இல்லாததாக, மேசையில் தட்டையாகப் படுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சட்டம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் எல்லாக் கணக்கும் தப்பிவிடும்.

படம் வைக்கப் போகும் இடத்தில் கண்ணாடியை வைத்து, போனை அதற்கு நேர் மேலே கொண்டுவாருங்கள். கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள், திரை ஒன்பது கட்டமாகப் பிரியும். இப்போது திரையில் போன் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். லென்ஸின் பிம்பம் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். அது நடுக் கட்டத்தின் சரி நடுவில் இருந்தால், லென்ஸ் மேசையைச் செங்குத்தாகப் பார்க்கிறது என்று அர்த்தம். மேலேயோ பக்கத்திலோ தள்ளித் தெரிந்தால் போன் அவ்வளவு சாய்ந்திருக்கிறது. உங்கள் படம் மேலே குறுகியதற்குக் காரணம் அதுதான். போனின் சாய்வால் படத்தின் மேல் பக்கம் லென்ஸுக்குத் தூரமாகிவிட்டது. தண்ணீர்மட்டம் காட்டும் செயலியை விடக் கண்ணாடியை நான் நம்புவதற்கு ஒரு காரணம் உண்டு. ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் தரையே மட்டமாக இருக்காது, மேசை எப்படி மட்டமாக இருக்கும்? போனும் படமும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் போதும், பூமிக்கு இணையாக இருக்க வேண்டியதில்லை. கண்ணாடி அதை மட்டும்தான் காட்டுகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். நடுவில் வர வேண்டியது லென்ஸ், போனின் நடுப்பகுதி அல்ல. இப்போதைய போன்களில் லென்ஸ் மூலையில் இருக்கும், அதிலும் இரண்டு மூன்று இருக்கும். எந்த லென்ஸ் வேலை செய்கிறது என்று தெரிய, ஒவ்வொன்றாக விரலால் மூடிப் பாருங்கள், திரை இருளும்போது தெரிந்துவிடும். சில போன்கள் ரொம்பக் கிட்டே போனால் தாமாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறிக்கொள்ளும். அதில் எடுத்தால் படத்தின் ஓரக்கோடுகள் வளையும். அதனால் 2x போட்டு, 3ஆர் படத்துக்குச் சுமார் 25 சென்டிமீட்டர் உயரத்தில் போனை வையுங்கள். படம் திரையில் முக்கால் பங்கை நிரப்பினால் சரி. ஓரம் வெட்டிய பிறகு நீளப் பக்கம் 2,000 பிக்சலுக்குக் குறையாமல் இருந்தால், அதே அளவில் மறுபடி பிரிண்ட் போடத் தாராளம்.

இப்போது கண்ணாடியின் இரண்டாவது வேலை. அதை அப்படியே விட்டுவிட்டு விளக்குகளைப் போடுங்கள். திரையில் தெரியும் கண்ணாடிக்குள் விளக்கோ, ஜன்னலோ, கூரையில் உள்ள டியூப் லைட்டோ தெரிந்தால், அது படத்திலும் வெள்ளைத் திட்டாக விழும். தெரியாத இடத்துக்கு நகர்த்துங்கள். எவ்வளவு தூரம் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. போன் இருக்கும் உயரத்தில், படத்தைப் போல இரண்டு மடங்கு நீள அகலமுள்ள பரப்பு ஆபத்தான பரப்பு. உயரம் ஏற ஏற அது குடை மாதிரி விரியும். கூரை விளக்கு எங்கோ தள்ளி இருக்கிறது என்று நினைப்போம், ஆனால் அந்த உயரத்தில் குடை அதையும் பிடித்துவிடும். அதனால் கூரை விளக்கை அணைத்துவிடுங்கள். காற்றாடியையும் நிறுத்துங்கள், ஸ்டாண்டு ஆடாது.

எனக்கு இதில் ஒரு பழைய அனுபவம். ஒரு தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் இருந்து நேராகக் கடைக்கு வந்து, வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து, கறுப்புக் கோட்டுப் போட்ட மாப்பிள்ளைகளின் படங்களை வரிசையாக எடுத்தேன். விளக்கு எதுவும் பிரதிபலிக்கவில்லை. ஆனாலும் எல்லாக் கோட்டும் சாம்பல் நிறத்தில் வந்தன. படத்தின் இருண்ட பகுதியில் தெரிந்தது என் சட்டை! எனவே எடுக்கும்போது கறுப்பாக எதையாவது உடுத்திக்கொண்டு, டைமரை 3 வினாடிக்கு வைத்து, ஓர் அடி பின்னால் போய்விடுங்கள். போன் உறை வெள்ளையாக இருந்தால் கழற்றிவிட்டு, லென்ஸுக்கு ஓட்டை போட்ட கறுப்பு அட்டை ஒன்றைப் போனின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் ஒரே சீராக விழுவது அடுத்தது. ஒரே மாதிரி மேசை விளக்கு இரண்டு வேண்டும், பல்பும் ஒரே கடையில் ஒரே வகை. ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை என்றால் படத்தில் ஒரு கன்னம் மஞ்சளாக, மறு கன்னம் நீலமாக வரும். 3ஆர் படத்துக்கு இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, நடுவில் இருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, மேசையில் இருந்து 35 சென்டிமீட்டர் உயரத்தில் வையுங்கள். வெளிச்சம் கிட்டத்தட்ட 40 பாகைச் சாய்வில் விழும். இதை விடத் தாழ்த்தினால் படத்தின் கீறல், விரல் ரேகை, தாளின் சுருக்கம் எல்லாம் எடுப்பாகத் தெரியும்.

விளக்கை ரொம்பக் கிட்டே வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம், தூரம் கூடும்போது வெளிச்சம் அதைவிட வேகமாகக் குறைவதுதான். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகும். ஒற்றை விளக்கைப் படத்தின் ஓரத்தில் இருந்து 20 சென்டிமீட்டரில் வைத்தால், மறு ஓரம் 33 சென்டிமீட்டரில் இருக்கும். அங்கே வெளிச்சம் பாதிக்கும் குறைவு. அதே விளக்கை ஒரு மீட்டருக்குத் தள்ளினால் இரண்டு ஓரத்துக்கும் உள்ள வித்தியாசம் கால் பங்கைத் தாண்டாது. இரண்டு பக்கமும் விளக்கு இருந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடும்.

இரண்டும் சமமா என்று பார்க்க ஒரு பென்சில் போதும். கண்ணாடியை எடுத்துவிட்டு அங்கே வெள்ளைத் தாள் வைத்து, நடுவில் பென்சிலை நட்டமாகப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் இரண்டு நிழல் விழும். இடது பக்க நிழல் கறுப்பாக இருந்தால் வலது விளக்குப் பலமாக இருக்கிறது. அதைக் கொஞ்சம் தள்ளுங்கள். இரண்டு நிழலும் ஒரே கறுப்பில், ஒரே நீளத்தில் வரும்வரை இப்படி நகர்த்துங்கள். அப்புறம் அந்த வெற்றுத் தாளையே ஒரு படம் எடுத்து, போனில் கான்ட்ராஸ்டைக் கடைசிவரை ஏற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மங்கல் அங்கே தெரிந்துவிடும். மூலை மட்டும் இலேசாக இருண்டால் விட்டுவிடலாம், ஒரு பக்கம் முழுவதும் இருண்டால் மறுபடி விளக்கை நகர்த்துங்கள். திரையில் கோடு கோடாக ஓடினால் அது பல்பின் துடிப்பு, பல்பை மாற்றிவிடுங்கள்.

அந்தத் தாள் இருக்கும்போதே திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் ஃபோக்கஸையும் பூட்டிவிடுங்கள். ஐபோனில் AE/AF LOCK என்று வரும். தாள் வெள்ளை வெளேரென்று எரிந்துபோகாமல், கொஞ்சம் சாம்பல் கலந்த வெள்ளையாக இருக்கும் அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பூட்டாவிட்டால் இருண்ட படத்தைப் போன் வெளுக்க வைக்கும், வெளிறிய படத்தை இருளச் செய்யும்.

இதெல்லாம் அமைத்த பிறகு 3ஆர் படங்கள் ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் ஆகும். ஆனால் மலிவான ஸ்டாண்டில் போன் பாரத்துக்குக் கை மெல்லத் தொங்கும். நான் பழைய மைலோ டின்னில் அரிசி நிரப்பி ஸ்டாண்டின் அடியில் பாரம் வைப்பேன். அப்படியும் பதினைந்து படத்துக்கு ஒருமுறை கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணப் படம் 8ஆர் என்றால் அமைப்பை மாற்ற வேண்டும். போன் 45 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போகும், விளக்குகள் 65 தள்ளி, 50 உயரத்தில். கண்ணாடி படத்தை விடச் சின்னதாக இருந்தால், அதை நடுவிலும் நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். லென்ஸ் நடுவில் தெரிகிறதா என்று பார்ப்பது நடுவில் வைத்திருக்கும்போது மட்டும்.

கண்ணாடிச் சோதனை கைவிடும் இடங்கள் இரண்டு. ஒன்று, சுருண்ட படம். வளைந்த ஓரம் எல்லாத் திசையிலும் பார்க்கும், எங்காவது ஒரு விளக்கைப் பிடித்துவிடும். சுத்தமான தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள். இன்னொன்று, தேன்கூடு மாதிரி சொரசொரப்பான தாள். அதன் ஒவ்வொரு மேடும் ஒரு குட்டிக் கண்ணாடி. பல்ப் வெளிச்சத்தில் படம் முழுக்க உப்புத் தூவினாற்போல மினுங்கும். அவற்றை மட்டும் தனியாக எடுத்து வைத்து, வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரத்தில், ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி வைத்து எடுங்கள். எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை ஒன்றை நிறுத்தினால் இருள் குறையும். பினாங்கு மேகம் ஐந்து நிமிடத்தில் மாறிவிடும் என்பதால், அங்கே ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தை மறுபடி பூட்ட வேண்டும்.

கல்யாணப் படம் சட்டத்துக்குள் இருந்து, நம் ஊர் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்கவே பிரிக்காதீர்கள். படத்தின் மேல்தோல் கண்ணாடியோடு வந்துவிடும். சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, அதன் மேலேயே எடுங்கள். உங்கள் விளக்குகள் சரியான இடத்தில் இருந்தால் அந்தக் கண்ணாடி குறுக்கே வராது. ஒட்டாத படங்களை எடுத்ததும் அங்கேயே திருப்பி, பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் அம்மா பேனாவால் எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கும்.