அலமாரிக்குப் பின்னால் காற்று போகட்டும்

கேள்வி: கிழக்குத் தாம்பரத்தில் தரைத்தள வீடு. படுக்கையறையில் வடக்குச் சுவரை ஒட்டி ஆறடி அகலத்தில் பிளைவுட் அலமாரி செய்து வைத்தோம். இரண்டு மழைக்காலம்தான் ஆகிறது. அதற்குள் முதுகுப் பலகையில் கறுப்புப் புள்ளிகள், கீழ்த்தட்டில் இருக்கிற பட்டுப்புடவையில் பூஞ்சை. அந்துருண்டை போட்டும் வாடை போகவில்லை. சுவரிலிருந்து தள்ளி வைத்தால் போதுமா, அலமாரியையே மாற்ற வேண்டுமா? தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஹால், மேற்கே குளியலறை, கிழக்கே ஜன்னல்.
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: அலமாரியை மாற்ற வேண்டாம். இடத்தை மாற்றுங்கள். முதுகுப் பலகையை மட்டும் புதிதாகப் போட வேண்டியிருக்கலாம், அதையும் உடனே அல்ல.

சென்னைப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும். வீட்டின் வடக்கு, கிழக்கு வெளிச்சுவர்கள்தான் அதை நேராக வாங்குகின்றன. வெறும் சுவராக இருந்தால் மின்விசிறிக் காற்றிலேயே பாதி உலர்ந்துவிடும். அதை நீங்கள் ஆறடிக்கு மூடிவிட்டீர்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்று அசையாததால், ஈரம் போக வழி தெரியாமல் பிளைவுட்டுக்குள் இறங்குகிறது.

அலமாரியை இழுத்துப் போட்டதும் சுவரைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கறை தரையிலிருந்து தொடங்கி முழங்கால், இடுப்பு உயரத்தோடு நின்றால் ஈரம் அடித்தளத்திலிருந்து ஏறுகிறது. மேலே திட்டுத் திட்டாக இருந்தால் வெளிப்பூச்சு விரிசல் வழியாக மழை இறங்குகிறது. வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்தால் சுவரின் உப்பு, கரையாவிட்டால் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னும் சந்தேகம் இருந்தால், ஒரு அடிக்கு ஒரு அடி கனமான பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர்முத்து கோத்திருந்தால் சுவரே ஈரத்தைத் தருகிறது. வெளிப்பக்கம் கோத்திருந்தால் குற்றம் அறைக் காற்றில். குளியலறைக் கதவைத் திறந்தே வைப்பது, துணியை உள்ளே கொடி கட்டிக் காயப் போடுவது போன்றவை.

உங்கள் அறையில் அலமாரிக்கு ஏற்ற சுவர் தெற்குச் சுவர்தான். அந்தப் பக்கம் ஹால் என்பதால் மழை தொடாது. மேற்குச் சுவர் வேண்டாம். குளியலறைக் குழாயும் டைல்ஸ் இடுக்கும் கசியத் தொடங்கினால் அது வருஷம் முழுக்க மழைக்காலம். கட்டிலை வடக்குப் பக்கம் போடுங்கள், அதையும் அரையடி தள்ளி.

தெற்குச் சுவரிலும் இரண்டு அங்குல இடைவெளி விடுங்கள். வேறு வழியில்லாமல் வெளிச்சுவரிலேயே வைக்க நேர்ந்தால் மூன்று, நான்கு அங்குலம். ஆனால் இடைவெளி விட்டால் மட்டும் போதாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காற்று கீழே நுழைந்து மேலே வெளியேற வேண்டும். உங்கள் அலமாரி அநேகமாகத் தரையில் உட்கார்ந்த பெட்டி, முன்னால் ஸ்கர்டிங் பலகை வேறு அடித்திருக்கும். மேலே சூட்கேஸ், பழைய போர்வை மூட்டை என்று கூரைவரை அடுக்கியிருப்பீர்கள். அடியும் முடியும் அடைபட்டால் நடுவில் விட்ட இடைவெளி பல்லிக்குத்தான் உதவும்.

அதனால் அலமாரியை மூன்று நான்கு அங்குலம் உயர்த்துங்கள். பிவிசி கால் கிடைக்கிறது. இல்லையென்றால் கடப்பாக்கல் துண்டுகளை அடுக்கலாம். மரத்துண்டை முட்டுக் கொடுக்காதீர்கள். தரை துடைக்கிற தண்ணீரை அது அடிப்பக்கமாக உறிஞ்சி மேலே ஏற்றும். ஸ்கர்டிங் பலகையைக் கழற்றிவிடுவது நல்லது. அழகுக்கு வேண்டுமென்றால் இரண்டு இடத்தில் நீளவாக்கில் வெட்டி, கரப்பான் நுழையாமல் கொசுவலை அடித்துக்கொள்ளுங்கள். தலைமேல் இருக்கிற மூட்டைகளைப் பின் விளிம்பிலிருந்து ஒரு சாண் முன்னால் நகர்த்தினால் போதும்.

சுவரிலிருந்து தள்ளி நிற்கிற அலமாரி, குழந்தை கதவில் தொங்கினால் முன்னால் சாயும். பிவிசி குழாயை இரண்டு அங்குல நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, மேல் சட்டத்தில் இரண்டு இடத்தில் அவற்றுக்குள் நீண்ட ஸ்க்ரூவை விட்டுச் சுவரோடு முடுக்கச் சொல்லுங்கள். பிடிப்பும் இருக்கும், இடைவெளியும் அப்படியே நிற்கும்.

இனி முதுகுப் பலகை. முன்பக்கம் பளபளவென்று லேமினேட் ஒட்டுகிற தச்சர், யார் பார்க்கப் போகிறார்கள் என்று பின்பக்கத்தைப் பச்சையாக விட்டுவிடுவார். சுவரைப் பார்த்து நிற்பது அதுதான். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். பொதபொதவென்று அமுங்கினாலோ, உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்டாலோ அடுக்குகள் பிரிந்துவிட்டன, மாற்றத்தான் வேண்டும். ஹார்ட்போர்டோ எம்.டி.எஃப்.போ உப்பியிருந்தால் காய்ந்த பிறகும் பழைய நிலைக்கு வராது. வெறும் கறுப்புப் புள்ளி, பலகை கெட்டியாக இருக்கிறதென்றால் துடைத்து உலர்த்திப் பெயிண்ட் அடித்தால் போதும்.

மாற்றுவதாக இருந்தால் தண்ணீர் தாங்கும் பிடபிள்யூபி ரகத்தில் ஆறு மில்லிமீட்டர் பிளைவுட் கேளுங்கள். பலகையில் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பொருத்துவதற்கு முன் இரண்டு முகத்துக்கும் பிரைமரும் இரண்டு கை எனாமலும் அடிக்க வேண்டும். வெட்டிய விளிம்புக்கு இன்னும் ஒரு கை கூட அடியுங்கள், தண்ணீர் அதிகம் குடிப்பது விளிம்புதான். ஒரு முகத்துக்கு மட்டும் அடித்தால் பலகை வளையும். ஆணியும் பசையும் வேண்டாம். ஸ்க்ரூ போட்டால் நாளைக்குக் கழற்றிப் பார்க்கலாம். இந்த வேலையைப் பிப்ரவரி, மார்ச்சில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரப் பலகைமேல் பெயிண்ட் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போல ஆகிவிடும்.

காற்றோட்டத்துக்காக முதுகுப் பலகையில் துளை போடச் சொல்வார்கள். உங்கள் நிலைமையில் நான் ஒப்பமாட்டேன், சுவர் ஈரத்துக்கு நாமே வாசல் திறந்த கணக்கு. பக்கப் பலகையில் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று சிறு துளை போட்டு வலை அடிக்கலாம். உள்ளே துணிகள் முதுகுப் பலகையை முட்டாமல் இரண்டு விரல் இடம் விடுங்கள். பட்டுப்புடவையைப் பிளாஸ்டிக் உறையில் வைக்காமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி மேல்தட்டுக்கு மாற்றுங்கள். அந்துருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்தை உறிஞ்சாது. கடையில் விற்கிற கால்சியம் குளோரைடு டப்பா உறிஞ்சும். ஆனால் சுவர் ஈரம் நிற்காதவரை டப்பா வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வடக்குச் சுவரையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். வெளியே சன்ஷேடு சுவரோடு சேருமிடம், ஜன்னல் சட்டத்தின் ஓரம், மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயின் இணைப்பு, இந்த மூன்றையும் மழை விட்டதும் மேஸ்திரியிடம் காட்டுங்கள். ஈரம் தரையிலிருந்து ஏறுவதாகத் தெரிந்தால் மேலே பெயிண்ட் அடித்து மறைப்பதில் பயனில்லை, அதற்குத் தனி வேலை உண்டு.

அப்புறம், மழையில் கதவு இறுகுகிறது என்று யாராவது இழைப்புளியை எடுத்தால் தடுத்துவிடுங்கள். மரம் ஈரத்தில் உப்பியிருக்கும்போது சீவினால், ஏப்ரலில் கதவுக்கு நடுவே விரல் போகிற சந்து விழும். விளிம்பில் மெழுகைத் தேய்த்துத் தை மாதம்வரை ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் இறுகினால் தச்சரைக் கூப்பிடலாம்.