கார்ட்டூன் உருவத்தின் போஸ் மாறாமல் இருக்க ஸ்கெட்ச்சா, எலும்புக்கூடா, டெப்த்தா?

கேள்வி: எழுத்திலிருந்து படம் உருவாக்கும் ஸ்டேபிள் டிஃப்யூஷனில் பெரிய தலை, குட்டைக் கைகால் உள்ள கார்ட்டூன் கதாபாத்திரம் வரைகிறேன். நான் நினைத்த போஸ் ஒவ்வொரு முறையும் கலைந்துபோகிறது. படத்தின் அமைப்பை ஒரு வழிகாட்டிப் படத்தால் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல்நெட்டில், கிறுக்கல் ஸ்கெட்ச்சைப் பின்பற்றும் ஸ்க்ரிபிள், எலும்புக்கூட்டைப் பின்பற்றும் ஓபன்போஸ், ஆழப் படத்தைப் பின்பற்றும் டெப்த் மூன்றில் எதை வைத்துக்கொள்வது?

பெரும்பாலோர் ஓபன்போஸ் என்றுதான் பதில் சொல்வார்கள். பெயரிலேயே போஸ் இருக்கிறதே! நிஜ மனித உடல் அளவுகளில் இருக்கும் உருவத்துக்கு அது சரிதான். உங்களுடையது போன்ற உருவத்துக்கு நான் முதலில் எடுப்பது ஸ்க்ரிபிள். கை முன்னால் நீள்வது, உடம்புக்குப் பின்னால் மறைவது என்று எதாவது இருந்தால் கூடவே கொஞ்சம் டெப்த். ஓபன்போஸைக் கடைசியில்தான் தொடுவேன்.

ஓபன்போஸ் எலும்புக்கூட்டில் உடம்புக்கு மொத்தம் 18 புள்ளிகள்: மூக்கு, கழுத்து, பிறகு இரண்டிரண்டாகக் கண், காது, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால். அந்தப் பட்டியலில் இல்லாதவற்றைக் கவனியுங்கள். உச்சந்தலைக்கும் தாடைக்கும் புள்ளி கிடையாது. ஆகவே தலை எவ்வளவு பெரியது என்பதை அது ஏறக்குறைய சொல்வதே இல்லை. கண்ணுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியை வைத்து மாடல் ஊகிக்கிறது. முதுகிலும் புள்ளி இல்லை. கழுத்திலிருந்து இரண்டு இடுப்புக்கும் இரண்டு நேர்கோடுகள் போகின்றன, அவ்வளவுதான். கார்ட்டூன் போஸுக்கு உயிர் கொடுப்பதே தலையிலிருந்து கால்வரை ஓடும் அந்த ஒரே வளைவு. எலும்புக்கூட்டில் அதை எழுத இடமே இல்லை. ரப்பர் குழாய் மாதிரி வளையும் கையும் அப்படித்தான். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் நேர்கோடு மட்டுமே.

இன்னொரு சிக்கல் நீளத்தில் இருக்கிறது. கை நம்மை நோக்கி நீண்டால் தட்டையான படத்தில் அந்தக் கோடு குட்டையாகும். சாதாரண உருவத்தில் குட்டைக் கோட்டைப் பார்த்தால் 'கை முன்னால் வருகிறது' என்று மாடல் புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. உங்கள் கதாபாத்திரத்துக்குக் கையே குட்டை. அப்போது அது முன்னால் நீளும் கையா, பக்கத்தில் தொங்கும் குட்டைக் கையா என்று பிரித்துச் சொல்ல எந்தத் தகவலும் இல்லை.

இதெல்லாம் எலும்புக்கூட்டை நீங்களே கையால் அமைத்தால். உங்கள் ஓவியத்தைக் கொடுத்து, படத்திலிருந்து எலும்புக்கூட்டைக் கண்டுபிடிக்கும் `openpose_full` ப்ரிபிராசசர் எடுத்துத் தரட்டும் என்று விட்டால் நிலைமை இன்னும் மோசம். அந்தக் கண்டுபிடிப்பான் நிஜ மனிதர்களின் புகைப்படங்களில் பழகியது. பெரிய தலைக்குக் கீழே குட்டை உடம்பைப் பார்த்தால் முழங்காலை விட்டுவிடும், இல்லையென்றால் ஒன்றுமே இல்லாத கறுப்புப் படத்தைத் தரும். ப்ரிவியூவைப் பார்க்காமல் ஓட்டினால், கட்டுப்பாடே இல்லாமல் வந்த படத்தை வைத்துக்கொண்டு கட்டுப்பாட்டின் பலமான வெயிட்டைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பீர்கள்.

சரி, ஒரு போஸை எடுத்துக்கொண்டு மூன்றையும் பார்ப்போம். மூன்று தலை உயரமுள்ள ஒரு பொடியன். உடம்பு வில் மாதிரி பின்னால் வளைந்திருக்கிறது. வலது முஷ்டியை நம் முகத்துக்கு நேரே நீட்டுகிறான், இடது கை இடுப்பில். ஒரு கால் தரையில், இன்னொன்று மடங்கித் தூக்கியிருக்கிறது. கழுத்தில் பறக்கும் துண்டு.

எலும்புக்கூடு மட்டும் கொடுத்தால் இடுப்பில் வைத்த கையும் தூக்கிய காலும் ஒழுங்காக வந்துவிடும். ஏனென்றால் அங்கே மூட்டுகள் பக்கவாட்டில் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் வில் நிமிர்ந்து கம்பாகிவிடும். முஷ்டி நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். தலை ஒரு சீடில், அதாவது படம் தொடங்கும் தற்செயல் எண்ணில், பூசணி அளவு, அடுத்த சீடில் சாதாரண அளவு.

டெப்த்துக்கு வருவோம். ஆழப் படத்தில் அருகில் இருப்பது வெள்ளை, தூரத்தில் இருப்பது கறுப்பு. முன்னால் நீளும் முஷ்டிக்கு இதைவிடத் தெளிவான மொழி கிடையாது. ஆனால் இதை எங்கிருந்து எடுப்பது? தட்டை வண்ணம் பூசிய கார்ட்டூன் ஓவியத்தை டெப்த் ப்ரிபிராசசரில் கொடுத்தால், நிழலும் மேடுபள்ளமும் இல்லாததால் பெரும்பாலும் அட்டையில் வெட்டிய உருவம் போல ஒரே சாம்பல் நிறம்தான் வரும். அதனால் பலர் முப்பரிமாணப் பொம்மையை அதே போஸில் நிறுத்தி அதிலிருந்து எடுக்கிறார்கள். முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் தூரத்தைச் சாம்பல் நிறமாகத் தரும் மிஸ்ட் பாஸ் இதற்கு வசதி, ஆனால் அதில் அருகில் இருப்பது கறுப்பாக வரும். நிறத்தைத் திருப்பாமல் கொடுத்தால் முஷ்டி உடம்புக்குப் பின்னால் ஓடிவிடும்.

பொம்மை சாதாரண மனித அளவில் இருந்தால் அடுத்த தொல்லை. டெப்த், போஸை மட்டும் கொண்டுவருவதில்லை. உடம்பின் பருமனையும் வெளிவிளிம்பையும் சேர்த்தே கொண்டுவருகிறது. 'சிபி பாணி' என்று ப்ராம்ப்ட்டில் எழுதினாலும் அந்தப் பெரிய தலை உட்கார அங்கே இடமில்லை. உங்கள் பாணிக்கென்று பழக்கிய லோரா என்ற சின்னத் துணை மாடலைக்கூட டெப்த் அமுக்கிவிடும். துண்டும் வராது, ஏனென்றால் அது பறக்க வேண்டிய இடத்தில் 'இங்கே காலி' என்று கறுப்பு சொல்லிக்கொண்டிருக்கிறது. பொம்மையின் தலையைப் பெரிதாக்கி, கைகாலைக் குறுக்கி, துண்டுக்கு ஒரு தகடு சேர்த்தால் எல்லாம் சரியாகும். ஒரே கதாபாத்திரத்தை நூறு படத்தில் வரையப் போகிறவருக்கு அந்த உழைப்பு தகும். ஒரு படத்துக்கு அதிகம்.

ஸ்க்ரிபிள் உங்கள் கையிலிருந்தே வருகிறது என்பதுதான் அதன் பலம். வில் வளைவு, தலை அளவு, துண்டின் திசை எல்லாம் கோட்டிலேயே இருக்கின்றன. கிறுக்கலான தடித்த கோடுகளையும் ஏற்கும்படி பழக்கப்பட்ட மாடல் என்பதால், லைன்ஆர்ட் என்ற இன்னொரு கன்ட்ரோல் மாதிரி ஒவ்வொரு நடுக்கத்தையும் பிடித்துக்கொண்டு தொங்காது. பலவீனம் என்னவென்றால், எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று அதற்குத் தெரியாது. நம் பொடியனின் முஷ்டி, நெஞ்சுக்கு நேரே ஒரு வட்டம். அதை நீங்கள் வட்டமாகவே விட்டால் பாதி சீடுகளில் பையன் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

இதற்கு வரையும்போதே செய்யக்கூடியது உண்டு. முன்னால் இருப்பதன் விளிம்பை அறுபடாமல் முழுதாக வரையுங்கள். பின்னால் இருப்பதன் கோடு அதில் வந்து முட்டி நிற்கட்டும், உள்ளே நுழைய வேண்டாம். முஷ்டி வட்டத்தில் நெஞ்சுக்கோடு வந்து முட்டி நின்றால் முஷ்டி முன்னால் இருக்கிறது என்று மாடலுக்கு ஓரளவு புரிகிறது. விரல் மடிப்புக்கு மூன்று சின்னக் கோடுகள் போடுங்கள். சட்டை மடிப்பு, பொத்தான் போன்றவற்றை வரையவே வேண்டாம். அதை ப்ராம்ப்ட் பார்த்துக்கொள்ளும். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடாக வரைந்திருந்தால் ப்ரிபிராசசரில் `invert` தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள், மாடல் எதிர்பார்ப்பது கறுப்பில் வெள்ளைக் கோடு.

அப்படியும் முஷ்டி சில சீடுகளில் பந்தாகும். அங்கேதான் டெப்த் உதவுகிறது, அதுவும் பொம்மை இல்லாமல். ஸ்கெட்ச்சின் மேலேயே புது லேயர் போட்டு ஆழத்தைக் கையால் பூசுங்கள். பின்னணி கறுப்பு, உடம்பும் தலையும் நடுத்தரச் சாம்பல், முஷ்டி கிட்டத்தட்ட வெள்ளை, தோளிலிருந்து முஷ்டிவரை மெதுவாக வெளுக்கும் கை. இடுப்பில் இருக்கும் கை உடம்பைவிட ஒரு படி கறுப்பு. துண்டுக்கும் ஒரு சாம்பல் பட்டை. மென்மையான பிரஷ் போதும், அழகு தேவையில்லை. நான் தொடங்கும் எண்கள் இவை; start, end என்பவை படம் உருவாகும் படிகளில் எந்தப் பங்கில் அந்தக் கன்ட்ரோல் தொடங்கி, எந்தப் பங்கில் நிற்கிறது என்பதைச் சொல்கின்றன:

```
scribble  weight 0.7  start 0.0  end 0.6
depth     weight 0.4  start 0.0  end 0.35
```

படத்தின் பெரிய அமைப்பு ஆரம்பப் படிகளிலேயே முடிவாகிவிடுகிறது என்பதால்தான் டெப்த்தைச் சீக்கிரமே விட்டுவிடுகிறேன். 20 படியில் 0.35 என்றால் முதல் 7 படி. எது முன், எது பின் என்பதற்கு அது போதும். அதன்பின் முகத்தையும் துணியையும் பாணி தன் இஷ்டத்துக்கு முடிக்கட்டும். ஸ்க்ரிபிளைக் கடைசிவரை விட்டால் உங்கள் நடுங்கும் கோடு அப்படியே சட்டை விளிம்பாகிவிடும். இரண்டின் தாக்கமும் ஒன்றோடொன்று கூட்டப்படுகிறது, அதனால் இரண்டையும் 1.0-இல் வைக்காதீர்கள். நிறம் கருகி விளிம்புகள் கத்தியால் வெட்டியது போல் வந்தால் மொத்த வெயிட் அதிகம் என்று அர்த்தம்.

எது வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள, ப்ராம்ப்ட்டிலிருந்து போஸ் பற்றிய சொற்களையெல்லாம் எடுத்துவிட்டு, ஒரு கன்ட்ரோலை மட்டும் போட்டு நாலைந்து சீடுகளில் ஓட்டிப் பாருங்கள். எல்லாப் படத்திலும் மாறாமல் இருப்பதுதான் அந்தக் கன்ட்ரோல் உண்மையில் பிடித்திருப்பது. சீடுக்குச் சீடு மாறுவதை அது சொல்லவே இல்லை என்று பொருள். அதன்பிறகு இரண்டாவதைச் சேருங்கள்.

ஓபன்போஸை ஒரேயடியாக ஒதுக்கவில்லை. கால்கள் குறுக்கே பின்னும்போது எது இடது, எது வலது என்பதை அதன் நிறங்கள்தான் சொல்கின்றன. முதுகைக் காட்டி நிற்கும் உருவத்துக்கும் அது நல்லது: கண், மூக்குப் புள்ளிகளை எடுத்துவிட்டுக் காதுகளை மட்டும் வைத்து, இடதுவலது தோள்களை இடம் மாற்றினால் பெரும்பாலும் திரும்பி நிற்பான். ஸ்க்ரிபிளோடு சேர்ப்பதானால் எலும்புக்கூட்டை அந்த ஸ்கெட்ச்சின் மேலேயே வைத்து மூட்டுகளை நகர்த்துங்கள். இரண்டும் கொஞ்சம் விலகினாலும் இரண்டு முழங்கை, மூன்றாவது கை என்று வரும்.

முஷ்டி பெரிதாக இருப்பதால் நம் பொடியன் தப்பித்தான். தூரத்தில் நிற்கும் சின்ன உருவத்தின் கைக்கு மூன்றில் எதுவும் உதவாது. படம் உள்ளே எட்டில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டுத்தான் உருவாகிறது. 512 பிக்சல் படத்தில் 30 பிக்சல் கை என்றால் அங்கே நாலு கட்டம்கூட இல்லை. அதைப் பெரிதாக்கி, அந்த இடத்தை மட்டும் இன்பெயின்ட்டில் மறுபடி வரைய வேண்டியதுதான், அதே ஸ்கெட்ச்சின் அந்தப் பகுதியை வெட்டிக் கூடவே கொடுத்து.