பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், அது யாருடையது என்று பாருங்கள்

கேள்வி: அப்பா தொழிலை என்னிடம் ஒப்படைக்கிறார். அவரும் சித்தப்பாவும் சேர்ந்து வைத்த பழைய பெயர், இன்றைக்கு நாங்கள் செய்கிற வேலைக்குப் பொருந்தவில்லை. மாற்றிவிடலாமா?

உங்கள் கேள்வியில் "சித்தப்பாவும்" என்று இருப்பதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். அவர் இப்போது தொழிலில் இல்லை, ஆனால் அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் நிலைமை இதுதான்.

எங்களுடையது தராசு வேலை. அப்பாவும் சித்தப்பாவும் ஆரம்பித்தபோது இரும்புத் தராசுகளைப் பழுதுபார்த்தார்கள். இருவர் பெயரிலும் பாதியைச் சேர்த்து, பின்னால் "ஸ்கேல் ரிப்பேர்" என்று போட்டுக்கொண்டார்கள். என் காலத்தில் எலக்ட்ரானிக் தராசு வந்தது. இப்போது என் மகள் பார்க்கிறாள். ஆலைகளுக்கு நேரில் போய், எடைக்கற்களை வைத்துச் சோதித்து, காலிபரேஷன் சான்றிதழ் கொடுப்பதுதான் அவளுக்குப் பெரும்பகுதி வேலை. "ரிப்பேர்னு பார்த்ததும் நம்ம கொட்டேஷனை மெயின்டனன்ஸ் ஆளுக்குத் தள்ளிவிடுறாங்கப்பா, தரப் பிரிவு வரைக்கும் போறதே இல்லை" என்று சொன்னாள். முழுக்கப் புதுப் பெயர் வேண்டும் என்றாள்.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. பெரியவர்களுக்குப் பழைய போர்டின் மேல் பாசம் என்று இங்கேயே சிலர் எழுதுவார்கள். பாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் நிறுத்தியது அதற்காக இல்லை.

சித்தப்பா விலகியபோது பார்ட்னர்ஷிப் பத்திரத்தைத் திருத்தி எழுதினோம். கருவிகள், வண்டி, வரவேண்டிய பாக்கி எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்த்து அவர் பங்கைக் கொடுத்தாயிற்று. பெயரைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை. பெரும்பாலான குடும்பப் பத்திரங்கள் இப்படித்தான் இருக்கும், உங்களுடையதையும் எடுத்துப் பாருங்கள். அந்தப் பெயரில் பாதி சித்தப்பாவுடையது. அவர் மகன் நாளைக்கே தராசுக் கடை திறந்து அதே பெயரை மாட்டினால், எது சரி என்று காட்ட எங்களிடம் காகிதம் கிடையாது.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் டெய்லர் என்ற குடும்பத்தின் ஒயின் கம்பெனி இருந்தது. 1977இல் அதை கோக கோலா வாங்கியது. நிறுவியவரின் பேரன் வால்டர் டெய்லர் அதற்கு முன்பே தனியாக ஒயின் தயாரித்துக்கொண்டிருந்தார். கம்பெனி வழக்குப் போட்டது. பிறந்ததிலிருந்து தன்னுடையதாக இருந்த குடும்பப் பெயரை பிராண்டாகப் போடக் கூடாது என்று நீதிமன்றம் அவருக்குத் தடை விதித்தது. லேபிளில் தன் பெயரைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு விற்றார் மனிதர். ரத்த உறவில் வருகிற பெயரும் வியாபாரத்தோடு கைமாறுகிற பெயரும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு.

அதனால் முதலில் சித்தப்பா மகனிடம் போய்ப் பேசினோம். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை இல்லாதபோதுதான் இதை எழுதிக்கொள்ள முடியும். தொழிலின் பெயர், அதற்கு இருக்கும் நற்பெயர், போன் எண்கள், மின்னஞ்சல் எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம். எடை சார்ந்த தொழிலில் அவர் இந்தப் பெயரைப் பயன்படுத்த மாட்டார். அதற்கு ஒரு தொகை தருகிறோம். வேறு எந்தத் தொழிலிலும் தன் சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள உரிமை வேண்டும் என்று தம்பி கேட்டான். நியாயம்தானே, அதையும் சேர்த்தோம். வக்கீல் ஒருவர் படித்துத் திருத்திக் கொடுத்தார். உங்கள் ஊர்ச் சட்டம் வேறாக இருக்கலாம், நீங்களும் காட்டிவிடுங்கள்.

அப்புறம்தான் பெயர் பொருந்துகிறதா என்று பார்த்தோம். மகள் பழைய பில்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாடிக்கையாளரும் எங்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று போன் போட்டுக் கேட்டாள். பழையவர்கள் அப்பா பெயரைச் சொன்னார்கள், போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதே பலருக்கு நினைவில்லை. புதிதாக வந்தவர்களில் நிறையப் பேர் ஸ்டிக்கரைப் பார்த்து வந்திருக்கிறார்கள். சோதித்து முடித்ததும் தராசின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவோம். சோதித்த தேதி, அடுத்த தேதி, எங்கள் பெயர், எண். அந்த அளவில் பெயரின் முன்பாதிதான் பெரிதாகத் தெரியும், "ஸ்கேல் ரிப்பேர்" கண்ணுக்கே படாது. ஒரு ஆலையில் வேலை பார்த்தவர் வேறு ஆலைக்குப் போனதும் நினைவில் வைத்துத் தேடியது அந்த முன்பாதியைத்தான். அதற்குமேல் விவாதம் தேவைப்படவில்லை. இரண்டு சகோதரர்களின் பாதிப் பெயர்கள் இருக்கட்டும், வால் மட்டும் "காலிபரேஷன்" என்று மாறட்டும் என்று மகளே சொன்னாள்.

ஆலைகளுக்கு வேலை செய்கிறவர்கள் அடுத்ததைக் கவனியுங்கள். சோதனை, காலிபரேஷன் செய்கிறவர்களின் தகுதிக்குக் கொடுக்கிற ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் சட்டப்படியான ஒரு நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும். சான்றிதழில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர், வாடிக்கையாளரின் வெண்டர் பட்டியலில் இன்னொரு பெயர் என்று ஆனால் கணக்குப் பிரிவு பணத்தை நிறுத்திவைக்கும், ஆடிட்டர் கேள்வி கேட்பார். அதனால் புது நிறுவனம் தொடங்காமல், இருக்கிற நிறுவனத்தின் பெயரையே மாற்றினோம். பதிவு, வரி, வங்கி, அங்கீகாரம், அதற்குப் பிறகு வாடிக்கையாளர்களுக்குக் கடிதம், கடைசியில்தான் போர்டு. பலர் போர்டில் ஆரம்பிக்கிறார்கள். ஏற்கெனவே கொடுத்த சான்றிதழ்களைப் புதுப் பெயரில் அச்சடித்துத் தரச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். தரவில்லை, தரவும் கூடாது. கொடுத்த அன்றைக்கு இருந்த பெயர்தான் அதில் இருக்க வேண்டும். பெயர் மாறியதற்கான பதிவு நகலைக் கடிதத்தோடு கொடுத்தோம், ஆடிட்டர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் கிடக்கிறது. தொழிலை ஒப்படைத்தேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, வங்கிக் கையெழுத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிற பெரியவர்கள் நிறைய. என் அப்பா அப்படித்தான் செய்தார். ஒரு எடைக்கல் பெட்டி வாங்கவும் நான் அவர் தூங்கி எழும்வரை காத்திருக்க வேண்டும். முதலாளி என்று எல்லோரும் கூப்பிடுவார்கள், செக்கில் கையெழுத்துப் போட முடியாது. மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, அந்த வருடங்கள் வலித்தன. மகளுக்குப் பெயரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னாலேயே கையெழுத்தை மாற்றிக் கொடுத்தேன். உங்கள் அப்பாவிடம் இதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

மாற்றினாலும் பழைய பெயரைக் கைவிட்டுவிடாதீர்கள். அது டிரேட்மார்க்காகப் பதிவாகியிருந்தால், பல நாடுகளில் தொடர்ந்து 3 அல்லது 5 ஆண்டுகள் பயன்படுத்தாவிட்டால் மற்றவர்கள் ரத்து கேட்கலாம். பில்லின் அடியில் "முன்னர்" என்று போட்டுப் பழைய பெயரையும் நாங்கள் அச்சடிக்கிறோம், ஆனால் அது ஒன்றே சட்டப்படி போதுமா என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய டொமைனையும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். விட்டால் வேறு யாராவது வாங்கி, அந்த முகவரிக்கு வருகிற மின்னஞ்சலையெல்லாம் படிக்க முடியும். வங்கி, வரித் தளம் போன்றவற்றில் பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பு பெரும்பாலும் பழைய மின்னஞ்சலுக்குத்தான் வரும். எந்தெந்தக் கணக்கில் அது இருக்கிறது என்று முதலில் ஒரு பட்டியல் எழுதிவிட்டு, போர்டுக்காரரிடம் அதற்கு அப்புறம் போங்கள்.