தேடுவதற்கு முன் எழுத வேண்டிய துண்டு

கேள்வி: பாடசாலை நேரத்தில் ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால் ஆசிரியர் முதலில் என்ன செய்ய வேணும்? வாட்ஸ்அப்பில் போடும் அறிவித்தலை எப்படி எழுதுவது? நான் புதிதாக நியமனம் கிடைத்து யாழ்ப்பாணத்துக்கு வந்திருக்கிறேன்.

பதில்:

ஓடாதீர்கள். முதலில் உட்கார்ந்து எழுதுங்கள். பிள்ளையைக் கடைசியாகக் கண்டது யார், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், அப்போது என்ன உடுத்திருந்தது. இந்த நாலையும் ஒரு துண்டில் எழுத இரண்டு நிமிடம் போதும். அதை எழுதாமல் ஓடியதால் என்ன நடந்தது என்பதை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடந்த நாட்கள். தரம் 3 பிள்ளைகள் காலையில் வெள்ளைச் சீருடையோடு வந்தார்கள், வரவு பதிந்தேன், எல்லோரும் இருந்தார்கள். இடைவேளை முடிந்ததும் ரீசேட் மாற்றிக்கொண்டு தங்கள் தங்கள் இல்லங்களுக்குப் பிரிந்து போனார்கள். அங்கே யாரும் திரும்ப எண்ணவில்லை. வகுப்பாசிரியரான நான் "இல்லத்தில் நிற்பான்" என்று நினைத்தேன். இல்லப் பொறுப்பாசிரியர் "வகுப்பில் நிற்பான்" என்று நினைத்தார். 11.10க்குத்தான் ஒரு பையனைக் காணவில்லை என்று தெரிந்தது.

உடனே ஐந்தாறு ஆசிரியர்கள் ஐந்தாறு பக்கம் ஓடினோம். படலையில் யாரும் நிற்கவில்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலரைக் கிணற்றடிக்கு அனுப்பியிருக்கிறார்கள். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு பதறும் பிழை அது. கிணறு, தண்ணீர்த் தொட்டி, மலசலகூடக் குழி மூடி, பக்கத்துக் கேணி ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேணும், அதில் மாற்றமில்லை. ஆனால் பார்ப்பது வளர்ந்தவர்களாக இருக்க வேணும், இரண்டு பேராகப் போக வேணும். தண்ணீருக்குள் இருக்கும் பிள்ளைக்கு நிமிடக் கணக்குத்தான். வகுப்பறையில் மேசைக்குக் கீழே ஒளித்திருக்கும் பிள்ளை அரை மணித்தியாலம் காத்திருக்கும்.

அதே நேரம் ஒருவர் படலையில் நிற்க வேணும். வெளியே போகும் ஒவ்வொரு பிள்ளையையும் ஓட்டோவையும் அவர் பார்க்க வேணும். இன்னொருவர் அலுவலகத்தில் தொலைபேசியோடு இருக்க வேணும். எல்லோரும் தேடப் போய்விட்டால், பிள்ளை தானாகத் திரும்பி வந்தாலும் சொல்வதற்கு ஆள் இராது.

அடுத்தது, பக்கத்து மேசைப் பிள்ளையிடம் கேட்பது. அதை நாங்கள் செய்யவே நாற்பது நிமிடமானது. பயப்படுத்தாமல், தனியாகக் கூப்பிட்டு, குந்தியிருந்து கேட்டபோது அவன் சொன்னான்: "ஓட்டத்தில் கடைசியா வந்ததுக்கு எல்லாரும் சிரிச்சவை ரீச்சர். அவன் அழுதுகொண்டு பின்பக்கம் போனவன்." பின்பக்கம் வேலியில் பிள்ளைகள் நுழைந்து போகும் ஒரு பொட்டு இருந்தது. பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும், எங்களுக்குத் தெரியாது.

இதற்கிடையில் 11.30க்கு ஒரு ஆசிரியை நல்ல மனதோடு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்: "வெள்ளைச் சீருடை அணிந்த மாணவனைக் காணவில்லை." படம் தரம் 1இல் எடுத்தது. கீழே தாயின் கைபேசி இலக்கம். சந்தியில் கடை வைத்திருப்பவர் அந்தச் செய்தியைப் பார்த்திருக்கிறார். பையன் தன் கடையைத் தாண்டிப் போனதையும் பார்த்திருக்கிறார். ஆனால் அவர் கண்டது மஞ்சள் ரீசேட் போட்ட பையனை. இரண்டையும் அவர் பொருத்திப் பார்க்கவில்லை, பொருத்த நியாயமும் இல்லை.

12.05க்கு உடுப்பைத் திருத்தி மறுபடி அனுப்பினோம். பத்து நிமிடத்தில் கடைக்காரர் அழைப்பு எடுத்தார். பையன் ஒழுங்கையால் நடந்து அம்மம்மா வீட்டுக்குப் போயிருந்தான். அவவிடம் கைபேசி இல்லை. விளையாட்டுப் பயிற்சி என்பதால் பள்ளிக்கூடம் வேளைக்கு விட்டுவிட்டது என்று நினைத்து, சோறு போட்டுக் கொடுத்திருக்கிறா.

பொலிசுக்கு எப்போது சொல்வது என்று எல்லோரும் கேட்பார்கள். 24 மணித்தியாலம் பொறுக்க வேணும் என்பது வெறும் கதை. வளவுக்குள் ஒருமுறை ஒழுங்காகத் தேடப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். அதற்குள் கிடைக்காவிட்டால் அதிபர் 119க்கோ பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கோ சொல்ல வேணும். அந்நியர் கூட்டிக்கொண்டு போனதாக ஒரு பேச்சு வந்தாலோ, பேசத் தெரியாத அல்லது மருந்து எடுக்கும் பிள்ளை என்றாலோ அந்தப் பதினைந்து நிமிடமும் பொறுக்கக் கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் நாள் முழுக்க வேலை செய்யும். பெற்றோருக்கும் அதே நேரத்தில் சொல்லுங்கள். "தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லுவம்" என்று இழுக்க வேண்டாம். பாதி வேளை விடை அவர்களிடம்தான் இருக்கும்: சித்தப்பா வந்து கூட்டிப் போயிருப்பார், கையெழுத்து வாங்க மறந்திருப்போம். தாய் தகப்பன் பிரிந்து வாழும் வீடு என்றால், பிள்ளையை யாரிடம் விடலாம் என்று நீதிமன்றக் கட்டளை இருக்கிறதா என்பதை வருடத் தொடக்கத்திலேயே கேட்டு எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் கேட்டால் சண்டைதான் வரும்.

அறிவித்தலை அதிபர் ஒருவர்தான் அனுப்ப வேணும், அதுவும் பெற்றோர் சம்மதத்தோடு, பொலிசுக்குச் சொன்ன பிறகு. நாங்கள் இப்போது வைத்திருக்கும் வடிவம் இது:

"காணவில்லை. (திகதி), மு.ப. 11.30 நிலவரம். 8 வயது ஆண் பிள்ளை, பெயர் …. கடைசியாகக் கண்டது மு.ப. 10.55, பாடசாலை மைதானம். மஞ்சள் ரீசேட், நீலக் காற்சட்டை, வெறுங்கால். கண்டால் பிள்ளையோடு அங்கேயே நின்று அழையுங்கள்: 119 அல்லது பாடசாலை அலுவலகம் …. பிள்ளை கிடைத்ததும் இதே குழுவில் அறிவிப்போம்."

"அங்கேயே நின்று" என்பதை விட வேண்டாம். உதவி செய்வதாக நினைத்து மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சுற்றுபவரால் பிள்ளை இரண்டாம் தரமும் தொலையும். தாயின் இலக்கம், வீட்டு முகவரி, காணாமல் போன காரணம் மூன்றும் வேண்டாம். எங்கள் பையனின் தாய்க்கு "பிள்ளை எங்களிடம் இருக்கிறான், காசு போடுங்கோ" என்று இரண்டு அழைப்பு வந்தது. அப்போது பிள்ளை அம்மம்மா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதனால் ஒரு அடையாளத்தை, ஒரு தழும்பையோ கையில் கட்டிய நூலையோ, எழுதாமல் வைத்திருங்கள். அழைப்பவரிடம் அதைக் கேட்டால் உண்மையா பொய்யா தெரிந்துவிடும்.

நேரத்தையும் திகதியையும் போடச் சொல்வதற்கு வேறு காரணம் உண்டு. கிடைத்ததும் "கிடைத்துவிட்டார், முந்தைய செய்தியை அழியுங்கள்" என்று அனுப்பி, சம்பவத் திரட்டுப் புத்தகத்திலும் நேரத்தோடு எழுதினோம். பொலிசுக்கும் சொன்னோம். வேலிப் பொட்டை அன்று பின்னேரமே அடைத்தோம். இப்போது இல்லங்களுக்குப் பிரியும்போதும் திரும்பும்போதும் தலை எண்ணுகிறோம். ஆனால் அந்த முதல் செய்தியில் திகதி இல்லை. மூன்று மாதம் கழித்துக் கனடாவில் இருக்கும் என் மச்சாள் அதே படத்தை எனக்கு அனுப்பிக் கேட்டா: "உங்கட பக்கம்தானே, பாவம், பிள்ளை கிடைச்சுதோ?"