பட்டியலில் பெயர் இல்லை என்றால் காப்புறுதிப் பணம் இல்லையா?

கேள்வி: என் கணவர் ஒரு தனியார் விநியோகக் கொம்பனியின் யாழ்ப்பாணக் கிளையில் ஆறு வருடமும் நாலு மாதமும் வேலை செய்தவர். முதலில் ஒப்பந்தத்தில் இருந்தார், போன வருடம்தான் நிரந்தரமாக்கினார்கள். கொடிகாமத்துக்குக் கடைகளிலை காசு சேர்க்கப் போன நேரம் லொறி மோதி இறந்துவிட்டார். நிரந்தர நியமனக் கடிதத்தில் 24 மாத அடிப்படைச் சம்பளத்துக்குக் குழு ஆயுள் காப்புறுதியும், விபத்தில் இறந்தால் அதே அளவு மேலதிகமாகவும் என்று இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபா. இப்ப எச்.ஆர். சொல்லுது, காப்புறுதிக்கு அனுப்பின பட்டியலில் அவற்றை பெயர் விடுபட்டுப் போச்சாம், அதனாலை ஒண்டும் கிடைக்காதாம். 250,000 ரூபா காசோலை தந்து, ‘முழுமையான இறுதிக் கொடுப்பனவு’ என்ற கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். இரண்டு பிள்ளைகள். என்ன செய்ய? – யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

சகோதரி, அந்தக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டாம். காசோலையையும் இப்போதைக்கு வங்கியில் போட வேண்டாம். ‘முழுமையான இறுதி’ என்று எழுதிக் கொடுத்த காசை மாற்றிவிட்டால், எல்லாக் கோரிக்கையையும் அதோடு முடித்துக்கொள்ள நீங்கள் ஒப்புக்கொண்டதாக நாளை வாதிடுவார்கள். கொம்பனி கொடுக்க வேண்டியவை மூன்று, அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. அவற்றை ஒரே காசோலைக்குள் அடக்கி முடிக்கத்தான் பார்க்கிறார்கள்.

முதலில் காப்புறுதி. குழுக் காப்புறுதியில் ஒப்பந்தம் கொம்பனிக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் இடையில் இருக்கிறது. ஊழியர் அதில் ஓர் உறுப்பினர் மட்டுமே. யார் சேர்ந்தார், யார் விலகினார், யாருக்குச் சம்பளம் கூடியது என்ற பட்டியலை அனுப்புவதும் கட்டுப்பணம் கட்டுவதும் கொம்பனியின் வேலை. ஒப்பந்த ஊழியர் நிரந்தரமாகும்போது பெயர் விடுபடுவது அடிக்கடி நடப்பதுதான். சம்பளப் பிரிவு அவரைப் பழைய வகையிலேயே வைத்திருக்கும், காப்புறுதிப் பட்டியலைத் தயாரிப்பவருக்குத் தகவல் போயிராது.

அதற்காக வழி அடைபட்டுவிடவில்லை. குழுக் காப்புறுதி ஒப்பந்தங்கள் பலவற்றில் ஒரு நிபந்தனை இருக்கும்: தகுதியுள்ள ஊழியர் ஒருவரின் பெயர் எழுத்துப் பிழையாலோ கவனக்குறைவாலோ விடுபட்டால் அதனால் அவருடைய காப்பு இல்லாமல் போகாது, விடுபட்ட காலத்துக்கான கட்டுப்பணத்தைச் செலுத்திச் சரிசெய்யலாம். உங்கள் கணவரின் கொம்பனி எடுத்த ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்பதை ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆகவே எச்.ஆர். வாயால் சொன்ன ‘கிடைக்காது’ என்பதை ஏற்க வேண்டாம். ஒப்பந்த இலக்கம், உறுப்பினர் பட்டியல், விபத்துக் காப்பின் நிபந்தனைகள் ஆகியவற்றைத் தரும்படியும், கோரிக்கையை உடனே காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பி அதன் முடிவை எழுத்தில் பெற்றுத் தரும்படியும் கொம்பனிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதே கடிதத்தின் பிரதியைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் நேரடியாக அனுப்புங்கள். மரணத்தை அறிவிக்க இந்த ஒப்பந்தங்களில் கால எல்லை இருக்கும், அதனால் பத்திரங்கள் எல்லாம் கைக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மரண அத்தாட்சிப் பத்திரம், பொலிஸ் அறிக்கை, மரண விசாரணை அறிக்கை, பிரேத பரிசோதனை அறிக்கை, கணவர் வாகனம் ஓட்டிச் சென்றிருந்தால் அவருடைய சாரதி அனுமதிப்பத்திரம் ஆகியவற்றைப் பின்னர் சேர்க்கலாம். அனுமதிப்பத்திரத்தை ஏன் சொல்கிறேன் என்றால், விபத்துக் காப்பில் முதலில் பார்ப்பது அதையும் மது அருந்தியிருந்தாரா என்பதையும்தான். ஆயுள் காப்புக்கு அந்தக் கேள்விகள் வழமையாக எழுவதில்லை. இரண்டையும் தனித்தனிக் கோரிக்கையாக எழுதுங்கள். ஒன்றில் சிக்கல் வந்தாலும் மற்றது நிற்கும்.

காப்புறுதி நிறுவனம் மறுத்துவிட்டால் பொறுப்பு கொம்பனி மேல் வந்து நிற்கிறது. நியமனக் கடிதம் உங்கள் கணவரோடு செய்த ஒப்பந்தம். அதில் வாக்களித்த காப்பைக் கொம்பனி எடுத்துக் கொடுக்கவில்லை என்றால், அந்தக் காப்பு இருந்திருந்தால் குடும்பத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய தொகையையே நட்டஈடாகக் கேட்கலாம். கணக்கு இதுதான்: 60,000ஐ 24ஆல் பெருக்கினால் 1,440,000. விபத்து மரணத்துக்கு மேலும் 1,440,000. மொத்தம் 2,880,000 ரூபா. சம்பளச் சிட்டைகளையும் எடுத்துப் பாருங்கள். காப்புறுதிக்கென்று மாதாமாதம் ஏதாவது கழித்திருந்தால், காசை வாங்கிக்கொண்டு பெயரை அனுப்பாமல் விட்டார்கள் என்றாகிவிடும். அதற்குக் கொம்பனியிடம் மறுமொழி இருக்காது.

இந்த வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். எழுத்திலான ஒப்பந்தம் என்பதால் ஆறு வருடங்களுக்குள் தொடுக்கலாம். வழக்கை யார் தொடுப்பது என்பதில் கவனம் தேவை. குடும்பத்துக்காகக் கொடுத்த வாக்கைக் குடும்பத்தவரே ஏற்றுக்கொண்டு வழக்காட நம் நாட்டின் உரோமன் டச்சுச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் அது இறந்தவரின் சொத்தைச் சேர்ந்த உரிமை என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதனால் இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் நிர்வாகக் கடிதத்தைப் பெறுவது பற்றி உங்கள் சட்டத்தரணியிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். அந்த ஒரு குறையால் வழக்குத் தள்ளுபடியானால் தாங்க முடியாது.

இரண்டாவது, பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்த ஊழியர் இறந்தால் அவருடைய உரித்தாளிகளுக்குப் பணிக்கொடை உண்டு. யாழ்ப்பாணக் கிளையில் எட்டுப் பேர்தான் என்று சொன்னால் நம்ப வேண்டாம், அந்த முதலாளியிடம் வேலை செய்யும் எல்லோரையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். நிரந்தரமான திகதியிலிருந்து கணக்குப் பார்த்து ஐந்து வருடம் இல்லை என்றும் சொல்லக்கூடும். ஒரே முதலாளியிடம் இடைவிடாமல் வேலை செய்திருந்தால் ஒப்பந்தக் காலமும் சேரும். பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்றபடி ஆறு வருடத்துக்குக் குறைந்தது 180,000 ரூபா. தராவிட்டால் தொழிற் திணைக்களத்தில் முறையிடலாம், வழக்குச் செலவு இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்கும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் அப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அவை ஏற்கெனவே கணவரின் பெயரில் சேர்ந்த பணம், கொம்பனி தருவதாகச் சொல்ல எதுவும் இல்லை.

மூன்றாவதைத்தான் குடும்பங்கள் பெரும்பாலும் தவறவிடுகின்றன. அவர் இறந்தது வேலைக்காகப் போன பயணத்தில். ஆகவே 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பொருந்தும். காப்புறுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், லொறிக்காரரில் பிழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது முதலாளியின் கடமை. தொகை சம்பளத்தைப் பொறுத்து அட்டவணைப்படி வரும், 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு உச்சவரம்பு 20 இலட்சம் ரூபா. மரணம் நடந்த விடயத்தில் முதலாளி இந்தப் பணத்தைக் குடும்பத்தின் கையில் கொடுத்து முடிக்க முடியாது. தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும், அவரே தங்கிவாழ்வோருக்குப் பங்கிட்டுக் கொடுப்பார். நேரே கொடுத்த பணம் சட்டத்தின் கண்ணில் நட்டஈடு கொடுத்ததாகாது. ஆகவே அந்த 250,000 ரூபா இந்தக் கடனைத் தீர்க்காது. ஆணையாளருக்கு நீங்கள் இப்போதே விண்ணப்பம் அனுப்புங்கள், கொம்பனி தானாக அறிவிக்கும் என்று இருக்க வேண்டாம். கணவரின் பெற்றோரும் அவரில் தங்கி வாழ்ந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், பின்னர் வரும் பிணக்கு அங்கேயே தீரும்.

இனிக் காசோலை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு கைச்செலவுக்கு அது தேவைப்படும் என்று எனக்குத் தெரிகிறது. அதனால் கொம்பனிக்கு இப்படி எழுதுங்கள்: “இந்தத் தொகை எதற்காகத் தரப்படுகிறது, பணிக்கொடையா இரங்கல் உதவியா என்று குறிப்பிட்டுப் புதிய கடிதம் தாருங்கள். என் ஏனைய உரிமைகளுக்குப் பாதிப்பின்றி அதைப் பெற்றுக்கொள்ளத் தயார்.” அப்படித் திருத்திய கடிதம் வந்த பிறகு காசோலையை மாற்றுங்கள். மூல நியமனக் கடிதத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். எச்.ஆர். ‘பைலில் போட வேண்டும்’ என்று கேட்டாலும் பிரதி மட்டும் கொடுங்கள். அந்தக் கடிதத்தோடும் கடைசி ஆறு மாதச் சம்பளச் சிட்டைகளோடும் போனால், எந்தச் சட்டத்தரணியும் உங்கள் கோரிக்கைக் கடிதத்தை ஒரே அமர்வில் எழுதிவிடலாம்.