திரையில் ஜன்னல் தெரிந்தால்…

கேள்வி: முன்னறையில் மேற்குப் பக்கம் ஜன்னல். அதற்கு நேரெதிர்ச் சுவரில் 43 அங்குல டிவி. பின்னேரம் பார்த்தால் திரையில் ஜன்னல்தான் தெரிகிறது. வெயிலே இல்லாத பனிமூட்ட நாளிலும் அப்படித்தான். நெட் திரைச்சீலை போட்டும் சரிவரவில்லை. என்ன செய்யலாம்? – வாசகி, பொகவந்தலாவை

பதில்: அணைத்து வைத்த டிவி ஒரு கறுப்புக் கண்ணாடி. எதிரில் எது வெளிச்சமாக இருக்கிறதோ, அதைத்தான் காட்டும். பனிமூட்ட நாளில் வெளியே வானம் முழுக்க வெள்ளையாக இருப்பதால், வெயில் இல்லாவிட்டாலும் ஜன்னல்தான் அறையிலேயே வெளிச்சமான பொருள். நெட் துணி அந்த ஒளியைத் தடுக்காது. ஜன்னலை ஒரே வெள்ளைப் பலகையாக்கித் திரையில் விழவைக்கும், அவ்வளவுதான்.

ஆகவே டிவியைப் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். ஜன்னலோடு ஒரே சுவரில் வைக்க வேண்டாம். படத்துக்குப் பக்கத்திலேயே வெளிச்சம் இருந்தால் கண் கூசும், படமும் மங்கலாகத் தெரியும்.

பக்கச் சுவர் இரண்டில் உங்களுக்குத் தெற்குச் சுவரே நல்லது. உங்கள் பக்கம் நல்ல வெயில் அடிப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. அந்த மாதங்களில் சூரியன் மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே தள்ளி மறைவதால், பின்னேர வெயில் வடக்குச் சுவர்ப் பக்கமாகச் சரியும், தெற்குச் சுவரில் படாது. பண்டாரவளைப் பக்கத்தார் இதை மாற்றிச் செய்யவேண்டும். அங்கே ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் வெயில். அப்போது சூரியன் வடக்கே தள்ளி மறைவதால் வடக்குச் சுவர்தான் பொருத்தம்.

இனி, இருக்கும் இடம். அறை கிழக்கு மேற்காக 12 அடி, வடக்கு தெற்காக 10 அடி என்று வைத்துக்கொள்வோம். ஜன்னல் மேற்குச் சுவரின் நடுவில். டிவி தெற்குச் சுவரில், ஜன்னல் சுவரிலிருந்து 5 அடி தள்ளி. டிவிக்கு நேரே சோபாவில் இருப்பவருக்குத் திரையில் ஜன்னல் தெரியாது. சோபாவின் கிழக்கு மூலையில் இருப்பவருக்கு மட்டும் திரையின் வலது ஓரத்தில் வெள்ளைக் கீற்றாகத் தெரியும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் தள்ளித் தள்ளி உட்கார உட்கார அது கூடும். சோபாவை ஜன்னல் பக்கமாக 2 அடி நகர்த்துங்கள். அல்லது திரையை ஜன்னலைவிட்டு அந்த மூலையை நோக்கிச் சற்றுத் திருப்புங்கள். திரையை 10 பாகை திருப்பினால் பிம்பம் 20 பாகை நகரும். ஆகவே சிறு திருப்பமே போதும்.

சுவரில் துளை போட முன் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை டிவி வரவேண்டிய உயரத்தில், சுவரோடு ஒட்டி ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஓரங்களையும் பார்க்கவேண்டும், அதனால் கண்ணாடியைச் சுமார் 3 அடி அகலத்துக்கு இடமும் வலமுமாக நகர்த்தச் சொல்லி, சோபாவின் ஒவ்வொரு இடத்திலும் இருந்து பாருங்கள். கண்ணாடியில் ஜன்னல் தெரிகிற இடத்தில் திரையிலும் தெரியும். காலையில் ஒருமுறை, பின்னேரம் 4 மணிக்கு ஒருமுறை, பனி மூடிய நாளில் ஒருமுறை பார்த்துவிட்டு ஆணி அடியுங்கள்.